மாத்திரையை உடைக்காதீர்கள், செலவைக் குறைக்க வேறு வழி இருக்கிறது

வாசகர் கடிதம்

டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 54. வீட்டிலிருந்தே துணி தைத்துக் கொடுக்கிறேன். ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோய். காலையில் கிளிமிபிரைடு 2 மில்லிகிராமும் மெட்ஃபார்மின் 500 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரை, மதியம் சிட்டாகிளிப்டின் 100, இரவில் மெட்ஃபார்மின் 500 எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் முழுதாக வாங்கக் கட்டுப்படியாகவில்லை. காலை மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுகிறேன். முழுதாகப் போட்டால் வேலை அதிகமான நாட்களில் நான்கு மணி வாக்கில் கை நடுங்கி வியர்க்கிறது. அதனால் எனக்குப் பாதியே போதும் என்று நினைத்தேன். மதிய மாத்திரை ஒரு நாள் விட்டு ஒரு நாள். பிரஷர் சரியாகிவிட்டதால் அந்த மாத்திரையை ஆறு மாதமாக நிறுத்தியிருக்கிறேன். ஸ்ட்ரிப்பில் மட்டும் குறை வைப்பதில்லை. தினமும் காலை வெறும் வயிற்றில் பார்ப்பேன், 125லிருந்து 140க்குள் இருக்கும். ஆனால் போன வாரம் எடுத்த எச்பிஏ1சி 8.8 என்று வந்திருக்கிறது. என் மெஷின் பொய் சொல்கிறதா? விலை குறைந்த ஜெனரிக் மாத்திரைக்கு வீரியம் குறைவா? முகாம் ஒன்றில் என் 26 வயது மகளுக்கு விரலில் குத்திப் பார்த்தார்கள், 168 இருந்தது. அவளுக்கும் வந்துவிட்டதா? செலவில்லாமல் எங்கே பார்ப்பது?

மருத்துவரின் பதில்

வணக்கம் அம்மா. உங்கள் மெஷின் பொய் சொல்லவில்லை. ஆய்வகமும் தப்பாகச் சொல்லவில்லை. இரண்டும் ஒரே நாளின் வேறு வேறு நேரங்களைச் சொல்கின்றன.

எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி. 8.8 என்றால் உங்கள் ரத்தச் சர்க்கரை இரவு பகல் சேர்த்துச் சராசரியாக 206 அளவில் இருந்திருக்கிறது. காலையில் 130 இருக்கும் ஒருவருக்குச் சராசரி 206 வர வேண்டுமானால், மற்ற நேரங்களில் 220, 250 என்று ஏறியிருக்க வேண்டும். அது ஏன் என்பதற்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நீங்கள் குறைக்காமல் முழுதாகப் போடும் சர்க்கரை மாத்திரை ஒன்றுதான், இரவு மெட்ஃபார்மின். இரவு முழுக்கக் கல்லீரல் ரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும். மெட்ஃபார்மின் முக்கியமாக அதைத்தான் கட்டுப்படுத்துகிறது. அதனால் காலை அளவு ஓரளவு நன்றாக இருக்கிறது. பகல் சாப்பாட்டைச் சமாளிக்க வேண்டிய இரண்டு மாத்திரைகளில் ஒன்று பாதியாகவும், மற்றது ஒரு நாள் விட்டு ஒரு நாளாகவும் போகிறது. ஆக, மாதம் 30 ஸ்ட்ரிப் செலவு செய்து, மருந்து ஒழுங்காக வேலை செய்யும் ஒரே ஒரு நேரத்தை மட்டும் 30 தடவை பார்த்திருக்கிறீர்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி உள்ளதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம். அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போது ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் உங்கள் விஷயத்தில் மருந்து குறைந்ததே காரணம் என்று நினைக்கிறேன். அதை எட்டே ஸ்ட்ரிப்பில் நீங்களே கண்டுபிடிக்கலாம், கீழே சொல்கிறேன்.

நான்கு மணி நடுக்கம்

முதலில் இதைப் பேசிவிடலாம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த வரி இதுதான். நடுக்கமும் வியர்வையும் வந்தது வேலை அதிகமான நாட்களில் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாட்களில் மதியச் சாப்பாடு தள்ளிப்போகிறதா, அல்லது சாப்பிடாமலே விட்டுவிடுகிறீர்களா? கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. சாப்பாடு வராவிட்டாலும் இன்சுலின் சுரக்கும், சர்க்கரை இறங்கும். 'மாத்திரை எனக்கு அதிக வீரியம்' என்று நீங்கள் எடுத்துக்கொண்டது, அநேகமாகச் சாப்பாடு தவறியதால் வந்த தாழ் சர்க்கரை.

அப்படி வரும்போது மெஷின் பக்கத்தில் இருந்தால் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் உறுதி. ஸ்ட்ரிப் இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. சரியானதும் ஒரு வேளைச் சாப்பாட்டைக் கட்டாயம் சாப்பிட்டுவிட வேண்டும். கிளிமிபிரைடு வகை மாத்திரைகளின் வேலை ஒரு நாள் முழுக்க நீளக்கூடியது, சர்க்கரை நீர் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதனால் தாழ் சர்க்கரை மறுபடி வரலாம், தூக்கத்திலும் வரலாம். ஒரே நாளில் இரண்டாவது முறை வந்தால், அல்லது பேச்சு குழறினால், ஆளைத் துணைக்கு வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சுயநினைவு இல்லாதவர் வாயில் யாரும் எதையும் ஊற்றக் கூடாது என்பதையும் வீட்டில் சொல்லி வையுங்கள்.

மருந்தை எங்கே குறைப்பது

நீங்கள் உடைக்கும் காலை மாத்திரையில் இரண்டு மருந்துகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நடுக்கம் தந்தது கிளிமிபிரைடு. ஆனால் நீங்கள் உடைத்தபோது கூடவே மெட்ஃபார்மினும் பாதியானது. அதற்கு நடுக்கத்தோடு சம்பந்தமே இல்லை. அந்தக் குறைவும் சேர்ந்துதான் எச்பிஏ1சியை ஏற்றுகிறது. போதாததற்கு, இப்படிச் சேர்த்துச் செய்யும் மாத்திரைகளில் மெட்ஃபார்மின் பெரும்பாலும் மெதுவாகக் கரையும் வகையாக இருக்கும். அட்டையில் 'எஸ்ஆர்', 'இஆர்', 'எக்ஸ்ஆர்' போன்ற எழுத்துகள் இருந்தால் அதுதான். உடைத்தால் மெதுவாகக் கரையும் அமைப்பு கெட்டு, மருந்து ஒரேயடியாக வெளியாகி வயிற்றைப் புரட்டும். இரண்டு பாதியிலும் ஒரே அளவு மருந்து இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

எனவே மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "இந்தக் கூட்டு மாத்திரையைத் தனித்தனியாகப் பிரித்து எழுதித் தர முடியுமா?" என்பது. தனியாக எழுதினால் கிளிமிபிரைடை மட்டும் 1 மில்லிகிராமாகக் குறைக்கலாம், அல்லது தாழ் சர்க்கரை அபாயம் குறைவான கிளிக்லசைடுக்கு மாற்றலாம். மெட்ஃபார்மினை முழுதாகவே வைத்துக்கொள்ளலாம். இரண்டு பழைய மாத்திரைகளைத் தனித்தனியே வாங்குவது பல இடங்களில் கூட்டு மாத்திரையைவிட மலிவு. சில இடங்களில் நேர்மாறாகவும் இருக்கும். ஆகவே அட்டையின் விலையைப் பார்க்காமல், ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு அட்டையில் 10, இன்னொன்றில் 15 என்று இருக்கும்போது அட்டை விலை ஏமாற்றிவிடும்.

இரண்டாவது கேள்வி, "மெட்ஃபார்மினை ஏற்ற இடம் இருக்கிறதா?" உங்களுக்கு எழுதியிருப்பது நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம். நீங்கள் போடுவது 750. பெரும்பாலானவர்களுக்கு 2000 வரை போகலாம். சர்க்கரை மாத்திரைகளிலேயே மிக மலிவானவற்றில் ஒன்று இது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பது, தனியாகப் போட்டால் பொதுவாகத் தாழ் சர்க்கரையைத் தராதது. விலை உயர்ந்த மருந்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவதைவிட, மலிவான மருந்தை அதன் முழு அளவுக்குப் பயன்படுத்துவதே அறிவு. ஆனால் அதற்குச் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். கிரியாட்டினின் பரிசோதனையிலிருந்து ஈஜிஎஃப்ஆர் என்ற எண்ணைக் கணக்கிடுவார்கள். அது 45க்கு மேல் இருந்தால்தான் மெட்ஃபார்மினை ஏற்றுவது பற்றியே யோசிப்போம், 30க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவோம். ஏற்றும்போது வாரத்துக்கு 500 வீதம், சாப்பாட்டோடு ஏற்றினால் வயிற்றுத் தொந்தரவு குறையும். பல வருடம் போடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம் என்பதால், காலில் மரத்துப்போதல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். வாந்தி, பேதி என்று உடம்பில் நீர் வற்றும் நாட்களில் மெட்ஃபார்மினை நிறுத்தி வைத்துவிட்டு மருத்துவரைக் கேட்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை மட்டும் வைத்து அளவை நீங்களே மாற்றிவிடாதீர்கள், உங்கள் சிறுநீரக அளவு எனக்குத் தெரியாது. ஆனால் இந்த வாரமே போய்க் கேளுங்கள். மாத்திரையை உடைத்தது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டது எல்லாவற்றையும் அப்படியே சொல்லுங்கள். இதைச் சொல்லாவிட்டால், 8.8ஐப் பார்க்கும் மருத்துவர் இருக்கும் மருந்து போதவில்லை என்று நினைத்து இன்னொரு விலை உயர்ந்த மாத்திரையைச் சேர்ப்பார். இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். பணம் இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு அடுத்த முறை சீட்டு இன்னும் நீளமாகிறது.

சிட்டாகிளிப்டினுக்கு வருவோம். அதன் வேலை ஏறக்குறைய 24 மணி நேரம். போடாத நாளில் அதன் பலன் கிட்டத்தட்ட இல்லை. நல்ல மருந்துதான், ஆனால் எச்பிஏ1சியை அது குறைப்பது முக்கால் சதவீதம் அளவுக்குத்தான். மெட்ஃபார்மின் முழு அளவுக்கு வந்த பிறகு இது தேவையா என்று கேளுங்கள். தேவை என்றால், பல நாடுகளில் இதற்கு இப்போது ஜெனரிக் வந்துவிட்டது, அதையே எழுதச் சொல்லுங்கள்.

ஜெனரிக்கில் வீரியம் குறைவா என்று கேட்டீர்கள். இந்தச் சந்தேகத்துக்கு ஒரு பாதி உண்மை காரணம். ஜெனரிக்கை ஏற்பதற்கான விதியில் 80லிருந்து 125 சதவீதம் என்று ஓர் எல்லை வருகிறது. 'அப்படியானால் 20 சதவீதம் மருந்து குறைவாக இருக்கலாமே' என்று பலரும் புரிந்துகொள்கிறார்கள். மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் அளவைப் பற்றியதல்ல அது. ரத்தத்தில் கலக்கும் வேகத்தையும் அளவையும் சோதிக்கும் ஆய்வில், கணக்கின் நிச்சயமின்மையோடு சேர்த்து அந்த எல்லைக்குள் வர வேண்டும் என்பதுதான் விதி. உண்மையில் சராசரி வேறுபாடு மிகச் சிறியது. அமெரிக்காவில் 12 வருடத்தில் ஏற்கப்பட்ட 2,070 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அது சுமார் 4 சதவீதமாக இருந்தது. எனவே முறையான உரிமம் உள்ள கடையில், சீல் பிரியாத அட்டையாக, பில்லோடு வாங்கும் ஜெனரிக்கை நம்பிப் போடலாம்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியது வேறு. மருந்தின் பெயரும் மில்லிகிராமும் பொருந்த வேண்டும், மெதுவாகக் கரையும் வகையா சாதாரண வகையா என்பதும் பொருந்த வேண்டும். இன்னொரு தவறையும் சொல்ல வேண்டும். என்னிடம் வந்த ஒரு பெரியவர் வீட்டில் மிச்சமிருந்த பழைய கம்பெனி மாத்திரையையும் புதிதாக வாங்கிய ஜெனரிக்கையும் இரண்டு வேறு மருந்துகள் என்று நினைத்துச் சேர்த்துப் போட்டிருந்தார். இரண்டுமே கிளிமிபிரைடு. அதிகாலையில் 38 என்ற அளவோடு மயங்கிய நிலையில் தூக்கி வந்தார்கள். பெயர் மாறும்போது பழைய அட்டையைக் கடைக்காரரிடம் காட்டி, "இதற்குப் பதில் இதா, இதோடு கூட இதா?" என்று கேட்டுவிடுங்கள். அப்புறம் பழையது தீரும்வரை புதியதைப் பிரிக்காதீர்கள்.

இத்தனையும் செய்த பிறகு இன்சுலின் தேவை என்று சொன்னால், அங்கேயும் மலிவான வழி இருக்கிறது. இரவில் போடும் என்பிஎச் என்ற பழைய மனித இன்சுலின், விலை உயர்ந்த புதிய வகைகளுக்கு ஈடாக எச்பிஏ1சியைக் குறைக்கும். இரவில் தாழ் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக வரலாம் என்பதுதான் வித்தியாசம்.

பிரஷர் மாத்திரையை நிறுத்தியது பற்றி வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். பிரஷர் சரியாக இருந்தது அந்த மாத்திரையால். 1998இல் வெளியான பிரிட்டனின் பெரிய சர்க்கரை நோய் ஆய்வில், ரத்த அழுத்தத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது. பிரஷர் மாத்திரைகளில் பெரும்பாலானவை பழைய, மலிவான ஜெனரிக்குகள். பணம் பற்றாத மாதத்தில் எதை விடலாம் என்று என்னைக் கேட்டால், கடைசியாகக் கை வைக்க வேண்டியவை மெட்ஃபார்மினும் பிரஷர் மாத்திரையும் என்றுதான் சொல்வேன். முதலில் விடவேண்டியது தினசரி ஸ்ட்ரிப்.

ஸ்ட்ரிப்பை எப்படிச் சிக்கனமாகப் பயன்படுத்துவது

இன்சுலின் போடாத, மாத்திரை மட்டும் போடும் சர்க்கரை நோயாளிகள் வீட்டில் அடிக்கடி பார்த்துக்கொள்வதால் எச்பிஏ1சி எவ்வளவு குறைகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆறு மாதத்தில் சுமார் கால் சதவீதம் குறைந்தது. ஒரு வருடத்தில் அந்த வித்தியாசமும் தெரியாமல் போனது. எண்ணைப் பார்ப்பதால் மட்டும் சர்க்கரை குறையாது. அதைப் பார்த்து ஏதாவது ஒன்றை மாற்றினால்தான் குறையும். நீங்கள் ஒவ்வொரு காலையும் 130ஐப் பார்த்து நிம்மதியடைந்தீர்கள், எதுவும் மாறவில்லை.

அதற்குப் பதில் ஜோடியாகப் பாருங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. வாரத்துக்கு ஒரு ஜோடி போதும். முதல் வாரம் காலைச் சாப்பாடு, இரண்டாவது வாரம் மதியம், மூன்றாவது வாரம் இரவு. நான்காவது வாரம், இருப்பதில் மோசமாக இருந்த வேளையில் ஏதாவது ஒன்றை மாற்றி, மாவுச்சத்தைக் குறைத்தோ சாப்பிட்டபின் 15 நிமிடம் நடந்தோ, அதே ஜோடியை மறுபடி பாருங்கள். இதற்கு மாதம் எட்டு ஸ்ட்ரிப். நான்கு மணி நடுக்கம், காய்ச்சல், வாந்தி போன்ற நேரங்களுக்காக மூன்று ஸ்ட்ரிப்பைத் தொடாமல் வையுங்கள். மொத்தம் 11. இப்போது ஆகும் செலவில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு மிச்சம். அது உங்கள் பிரஷர் மாத்திரைக்குப் போகட்டும்.

எண்களை எப்படிப் படிப்பது என்று ஒரு உதாரணம். காலைச் சாப்பாட்டுக்கு முன் 132, இரண்டு மணி நேரம் கழித்து 241 என்று வந்தால், அந்த வேளை 109 ஏற்றியிருக்கிறது. இரவில் 168, பிறகு 196 வந்தால் ஏற்றம் 28தான். அப்போது பிரச்சினை இரவில் இல்லை, காலையில் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு வெறும் வயிற்றில் 80லிருந்து 130, சாப்பிட்டபின் 180க்குள் என்பது இலக்கு. உங்கள் பகல் ஜோடிகள் 180ஐத் தாண்டும் என்று எதிர்பார்க்கிறேன். தாண்டினால் 8.8க்கு விளக்கம் கிடைத்துவிட்டது. ஒருவேளை எல்லா ஜோடியும் 180க்குள்ளேயே இருந்தால், ரத்தசோகை பற்றிச் சொன்னதை மருத்துவரிடம் மறக்காமல் எடுத்துச் சொல்லுங்கள். (உங்கள் மெஷின் 7.3, 10 என்று தசமத்தில் காட்டும் வகையாக இருந்தால் 18ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.)

சின்ன வித்தியாசங்களுக்காக ஸ்ட்ரிப்பை வீணாக்காதீர்கள். வீட்டு மெஷினுக்கான சர்வதேசத் தரமே 15 சதவீதம் முன்பின் இருக்க அனுமதிக்கிறது. உண்மையில் 140 இருக்கும்போது 119 என்றும் காட்டலாம், 161 என்றும் காட்டலாம். 'நம்ப முடியவில்லையே' என்று மறுபடி குத்துகிற பழக்கத்தில்தான் பாதி டப்பா காலியாகிறது. உடம்பில் தெரியும் அறிகுறியும் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் மட்டும் மறுபடி பாருங்கள், அதற்கு முன் கையைச் சோப்பு போட்டுக் கழுவித் துடையுங்கள். விரலில் ஒட்டியிருக்கும் பழச்சாறு மட்டுமே ஒரு நல்ல அளவை 250 ஆக்கிவிடும்.

குறைவாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு புதுச் சிக்கல் உண்டு. டப்பாவைத் திறந்த பிறகு ஸ்ட்ரிப்புக்கு ஆயுள் குறைவு. சில வகை மூன்று மாதம், சில வகை ஆறு மாதம், டப்பாவிலேயே எழுதியிருக்கும். மாதம் 11 பயன்படுத்துகிறவர் 50 உள்ள டப்பா வாங்கினால் நான்கரை மாதம் வரும். உங்கள் வகைக்கு மூன்று மாதம்தான் என்றால் 17 ஸ்ட்ரிப் குப்பைக்கு. அதனால் 25 உள்ளதை வாங்குங்கள், திறந்த தேதியை மூடியில் எழுதுங்கள். ஸ்ட்ரிப்பை வேறு டப்பாவிலோ தாளிலோ மாற்றி வைக்கக் கூடாது, அந்த டப்பாதான் ஈரத்தை உறிஞ்சுகிறது. காலாவதியான ஸ்ட்ரிப் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். தவறாகக் காட்டினால் அது ஏறுமுகமா இறங்குமுகமா என்று உங்களால் சொல்ல முடியாது. புது மெஷின் இலவசம் என்று யாராவது தந்தாலும், அதற்கான ஸ்ட்ரிப் என்ன விலை என்று கேட்ட பிறகு வாங்குங்கள். செலவு மெஷினில் இல்லை, ஸ்ட்ரிப்பில்தான். இன்னொன்று, விரல் குத்தும் ஊசியையும் பேனாவையும் வீட்டில்கூட யாரோடும் பகிர வேண்டாம், மஞ்சள் காமாலைக் கிருமி அப்படிப் பரவும்.

இந்தச் சிக்கனக் கணக்கு உங்களைப் போல மாத்திரை மட்டும் போடுகிறவர்களுக்குத்தான். இன்சுலின் போடுகிறவர்கள், கர்ப்பிணிகள், அடிக்கடி தாழ் சர்க்கரை வருகிறவர்கள் இதைப் பார்த்துக் குறைக்கக் கூடாது. உங்களுக்கும் மாத்திரை மாறும் முதல் இரண்டு வாரம் மட்டும், நான்கு மணிக்குக் கூடுதலாகச் சில ஸ்ட்ரிப் செலவு செய்யச் சொல்வேன்.

செலவில்லாத பரிசோதனை

அரசு மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் சர்க்கரை நோய்க்குத் தனி நாள் ஒதுக்கியிருப்பது வழக்கம். அந்த நாளைக் கேட்டுக்கொண்டு, வெறும் வயிற்றில் ஒரே நடையில் போனால் ரத்தம், சிறுநீர், கண் எல்லாம் முடியும், ஒரு நாள் கூலிதான் போகும். உலக சர்க்கரை நோய் தினமான நவம்பர் 14ஐ ஒட்டி இலவச முகாம்கள் நிறைய நடக்கும், லயன்ஸ் சங்கங்களும் நடத்துகின்றன. ஆனால் உங்களுக்கு நோய் இருப்பது தெரிந்ததே. முகாமில் போய் மறுபடி விரலில் குத்திக்கொள்வதில் உங்களுக்குப் பயன் இல்லை. நீங்கள் தேட வேண்டியது வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய மூன்று, அதாவது கண்ணின் விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரில் ஆல்புமின், கிரியாட்டினின். இவை இலவசமாகக் கிடைக்கும் இடத்துக்கு மட்டும் கூலியை விட்டுவிட்டுப் போங்கள்.

கால் பரிசோதனையை வீட்டிலேயே, பைசா செலவில்லாமல் உங்கள் மகள் செய்துவிடலாம். நீங்கள் கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள். அவர் உங்கள் ஒவ்வொரு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகிய மூன்றின் நுனியை ஆள்காட்டி விரலால் ஒன்றிரண்டு விநாடி மிக மெல்லத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ தடவவோ கூடாது. தொட்டது தெரிந்ததும் நீங்கள் 'ம்' என்று சொல்ல வேண்டும். ஆறு இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று பொருள். அப்போது வெறுங்காலோடு நடக்கக் கூடாது, பாதங்களைத் தினமும் பார்க்க வேண்டும், மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிரிட்டனில் இப்ஸ்விச் ஊர் மருத்துவமனையில் உருவான இந்தத் தொடு சோதனை, கருவி வைத்துச் செய்யும் சோதனைக்குக் கிட்டத்தட்ட இணையானது. தையல் மெஷினை மிதிக்கும் கால் என்பதால் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

மகளின் 168ஐ வைத்துச் சர்க்கரை நோய் என்று சொல்ல முடியாது. அவர் எப்போது சாப்பிட்டார், கை கழுவினாரா என்பதெல்லாம் தெரியாமல் முகாமில் விரலில் எடுத்த அளவு அது. 'போய் ஒழுங்காகப் பார்' என்பதற்கான ஒரு சீட்டு, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சீட்டைத் தூக்கிப் போடவும் கூடாது, தாய்க்கு இருப்பதால் அவருக்கு வாய்ப்பு அதிகம். இரவு சாப்பிட்ட பிறகு எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதுவும் இல்லாமல், கை நரம்பில் ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் பார்க்கட்டும். 126 அல்லது அதற்கு மேல் வந்தால், அறிகுறி ஏதும் இல்லாதபோது இன்னொரு நாளும் பார்த்து உறுதி செய்த பிறகே சர்க்கரை நோய் என்று சொல்வோம். 100க்கும் 125க்கும் இடையில் வந்தால் முன்நிலை, எடையும் நடையும் சரிசெய்துகொண்டு வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும், மாத்திரை வேண்டியிருக்காது. 100க்குக் கீழே வந்தால் இரண்டு மூன்று வருடம் கழித்து மறுபடி பார்க்கலாம். கர்ப்பம் தரித்தால் மட்டும் அதுவரை காத்திருக்காமல், முதல் பரிசோதனையிலேயே அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.